மகன் எழுதிய முதல் விண்ணப்பம்

நேயர்களுக்கு என் வணக்கம். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேரில் அழைக்கலாம் என்று பிரித்து வைப்பது பல ஆண்டுகளாக என் அலுவலகப் பணிகளில் ஒன்று. ஆனால் ஒரு விண்ணப்பம் உருவாகும்போது, எழுதுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு முறைதான். எழுதியவன் என் மகன். அப்போது அவனுக்கு வயது 17. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அந்தக் கதையை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மகன் கூச்ச சுபாவம் உள்ளவன். தொலைபேசி மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று காத்திருப்பான். வீட்டுக்கு யாரேனும் வந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான். அப்படிப்பட்டவன், பொது நூலகம் ஒன்றில் திரும்பி வரும் நூல்களை அடுக்கி வைக்க உதவியாளர் தேவை என்ற அறிவிப்பைத் தானே கண்டுபிடித்து என்னிடம் காட்டினான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான்கு நான்கு மணி நேர வேலை. தன்விவரக் குறிப்பை இணைத்து, அறிவிப்பு எண்ணைப் பொருள் வரியில் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவன் அதைக் காட்டியது திங்கட்கிழமை. புதன்கிழமை இரவு நான் கேட்டபோது, எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அனுப்பவில்லை என்றான். காட்டச் சொன்னேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொருள் வரி காலியாக இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தான்: “ஐயா, உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு முன் எந்த அனுபவமும் இல்லை. இருந்தாலும் வாய்ப்பு இருந்தால் என்னையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.”

நான்கே வரிகள், அவற்றுள் இரண்டு மன்னிப்புகள். படித்ததும் எனக்கு மனம் கனத்தது. உடனே விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, எல்லாவற்றையும் நானே எழுதிவிடலாம் என்று கை பரபரத்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றோர் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதம் நடுவயதுக்காரரின் குரலில் பேசும்; நேரில் வரும் பிள்ளைக்கோ அதில் உள்ள சொற்கள் பாதி அந்நியமாக இருக்கும். அதனால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடிதம் எதிர்முனையில் எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். நூலகர் அஞ்சல் பெட்டியைத் திறக்கும்போது கடிதம் முழுவதும் அவர் கண்ணில் படாது. அனுப்பியவர் பெயர், பொருள் வரி, முதல் சில சொற்கள் ஆகிய இவ்வளவுதான் ஒரே வரிசையில் தெரியும். அவனுடைய வரிசையில் பொருள் இல்லை. “உங்களைத் தொந்தரவு செய்வதற்கு” என்பது மட்டும் இருந்தது.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாதிரிக் கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்து ஒரு பத்தியை ஒட்டினான். கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் மிக்கவன் என்றும், குழுவினரோடு இணைந்து பணியாற்றுவதிலும் பிறரோடு உரையாடுவதிலும் தேர்ந்தவன் என்றும் அந்தப் பத்தி அவனைப் பற்றிச் சொன்னது. வாய்விட்டுப் படி என்றேன். “உரையாடுவதிலும்” என்ற இடத்தில் அவன் குரல் தேய்ந்து நின்றுவிட்டது. “அம்மா, இது நான் இல்லையே” என்றான். முதல் கடிதத்தில் இருந்தவனும் அவன் இல்லை என்பதை அப்போதுதான் அவனிடம் சொல்ல முடிந்தது. ஒன்றில் தன்னைக் குறைத்திருந்தான். மற்றொன்றில் யாரோ ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். நூலகருக்குத் தெரிய வேண்டிய செய்தி இரண்டிலும் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். “உன்னிடம் என்னென்ன திறமைகள் இருக்கின்றன, சொல் பார்க்கலாம்” என்று கேட்டுவிட்டேன். கூச்சமுள்ள பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி அதுதான். அவன் நத்தை போலச் சுருண்டுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கேள்வியை மாற்றினேன். பள்ளி நூலகத்தில் மதிய இடைவேளையில் அவன் நூல்களை அடுக்க உதவுவது எனக்குத் தெரியும். “அங்கே புத்தகங்கள் ஏன் அடிக்கடி இடம் மாறிப் போகின்றன?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான், பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். நூலகங்களில் வழங்கும் தசமப் பகுப்பு முறையை 1876-இல் மெல்வில் டூயி என்பவர் வெளியிட்டார் என்பதில் தொடங்கி, அந்த முறையில் 598 என்பது பறவைகளுக்கு உரிய எண் என்று சொல்லி, சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு வந்தான். ஒரு நூலின் முதுகில் 598.2 என்றும், இன்னொன்றின் முதுகில் 598.15 என்றும் ஒட்டப்பட்டிருந்தால், இரண்டைவிடப் பதினைந்து பெரிது என்று எண்ணி மாணவர்கள் 598.15-ஐப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின் வருவதை ஒவ்வோர் இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று இரண்டுக்கு முந்தியது, ஆகவே 598.15 தான் முன்னால் நிற்க வேண்டும். இதைக் கவனித்த நாளிலிருந்து அறிவியல் அலமாரிகளை வாரம் ஒரு முறை சரிபார்ப்பதாகவும், இடம் மாறியிருந்த நூல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதாகவும் சொன்னான். இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறான். எனக்கு அன்றுதான் தெரியும்.

அவன் பேசும்போது ஒரு தாளின் பின்புறத்தில் அவனுடைய சொற்களையே குறித்து வந்தேன். தாளை அவனிடம் கொடுத்து, “அனுபவம் இல்லை என்று எழுதினாயே, இது என்ன?” என்றேன். “இதற்குச் சம்பளம் வாங்கவில்லையே, அம்மா” என்றான். சம்பளம் வாங்காமல் செய்ததும் செய்த வேலைதான். எங்கே, எவ்வளவு காலம், என்ன செய்தாய் என்பதை உள்ளபடி எழுதினால் அதில் பொய்யும் இல்லை, மிகையும் இல்லை என்றேன். அதன் பிறகு அவனே எழுதினான். பொருள் வரியில் பணியின் பெயர், அறிவிப்பு எண், தன் பெயர் மூன்றையும் வைத்தான். கடிதம் இது:

“மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, வணக்கம். வார இறுதி நூலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். என் பள்ளி நூலகத்தில் 2 ஆண்டுகளாக, வாரம் 3 நாள் மதிய இடைவேளையில், திரும்பி வரும் நூல்களை அடுக்கி வருகிறேன். 598.15 என்ற எண்ணுள்ள நூலை 598.2-க்குப் பின்னால் வைப்பது போன்ற பிழைகள் அடிக்கடி நேர்வதைக் கண்டு, அறிவியல் அலமாரிகளை வாரம் ஒரு முறை சரிபார்க்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 9 மணி முதல் வர இயலும். ஆண்டுத் தேர்வு நடக்கும் 2 வாரங்கள் மட்டும் வர இயலாது. தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன். என் வேலையைப் பற்றிக் கேட்க விரும்பினால் தொடர்புகொள்ள வேண்டிய பள்ளி நூலகரின் எண் அதில் உள்ளது.”

தேர்வு வாரங்களைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வர முடியாத நாள்களை முன்கூட்டியே சொல்லும் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், இவர் சொன்ன மற்றவையும் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். கடைசி வரிதான் அவனுக்கு மலையாக இருந்தது. ஒருவருடைய எண்ணைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் இசைவு பெற வேண்டும். அதற்கு அவன் பள்ளி நூலகரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றானாம். அவர் படித்துவிட்டு, தாராளமாகக் கொடு என்றாராம்.

அன்றிரவு, நூலகருக்குப் போக வேண்டிய கடிதத்தில் பெறுநர் முகவரியைக் காலியாகவே வைத்திருக்கச் சொல்லி, அதன் படி ஒன்றை முதலில் எனக்கு அனுப்பச் சொன்னேன். முகவரிக் கட்டம் காலியாக இருந்தால், கை தவறிப் பொத்தானை அழுத்தினாலும் அரைகுறைக் கடிதம் போய்ச் சேராது. என் கைபேசியில் திறந்து பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. அனுப்பியவர் பெயராக, பன்னிரண்டு வயதில் விளையாட்டுக்காக அவன் வைத்துக்கொண்ட புனைபெயர் வந்து நின்றது. இணைப்புக் கோப்பின் பெயர் scan0007.pdf என்றிருந்தது, தரவிறக்கிய பிறகு அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வணக்கம் சொல்லும் முதல் வரி மட்டும் மற்ற வரிகளைவிடப் பெரிய எழுத்தில் சற்றே சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை மாதிரிக் கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தான். அங்கிருந்த எழுத்துருவும் கூடவே வந்துவிட்டது. அவன் கணினித் திரையில் அந்த வேறுபாடு கண்ணுக்கே படவில்லை. Ctrl+Shift+V என்று ஒட்டினால் வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் வரும் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவன் அந்த வரியை அழித்துவிட்டுத் தன் கையாலேயே தட்டச்சு செய்தான்.

கணக்கின் அமைப்புகளில் பெயரை மாற்றி, கோப்புக்குத் தன் பெயரையும் பணியின் பெயரையும் இட்டு, மறுபடியும் எனக்கு அனுப்பினான். இணைப்பைத் திறந்து பார்த்தேன், திறந்தது. பிறகு அறிவிப்பிலிருந்த முகவரியைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக இட்டான். இரவு 9 மணி 40 நிமிடம். பொத்தானின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு, “நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கள், அம்மா” என்றான். போய்விட்டேன்.

ஆறாவது நாள் பதில் வந்தது. சனிக்கிழமை காலை 10 மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன் என்று அவன் எழுதிய மறுமொழியை என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை வீடு திரும்பியவனிடம், என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். ஒரு தள்ளுவண்டி நிறைய நூல்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்களாம். “அந்த நூலகத்திலும் 598.2 முன்னால் நிற்கிறது, அம்மா” என்றான்.

“நூலகரிடம் சொன்னாயா?”

“சொல்லவில்லை. எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.”