புதன் நீசமாம், கணக்கு வராதாம்

நடுவர்: "பிள்ளையின் சாதகத்தைப் பெற்றோர் வாசிப்பது பிள்ளைக்குத் துணையா, விலங்கா? துணை என்போர் பேசலாம்."

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணித் தம்பி செவ்வாய் தோஷத்தால் தன் கலியாணம் குழம்பிய கதையைச் சொன்னார். பாவம்தான். ஆனால் இங்கே பேசுவது பொருத்தம் பற்றியல்ல. அவருக்கு முன் பேசிய அக்கா, சாதகம் பார்த்தாலே பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்றார். அதில் பாதி சரி. எங்கள் வீட்டிலும் விழுந்தது.

மகள் பிறந்தது 2017 பங்குனியில், பகல் 11.45க்கு. மிதுன லக்கினம். உத்தியோகத்தைச் சொல்லும் பத்தாமிடமான மீனத்தில் கணக்குக்குரிய புதன் வலுவிழந்து நீசம், கூடவே சங்கீதத்துக்குரிய சுக்கிரன் முழு வலுவோடு உச்சம். சாத்திரியார் சொன்னது இரண்டே வசனம்: "கணக்கு ஏறாது. சங்கீதத்தில் விடுங்கோ." மாமி அதை ஊரெல்லாம் சொன்னார். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும்போது பிள்ளை கணக்குத் தாளை வெறுமையாகவே நீட்டினாள். "எனக்கு வராதாமே அம்மா?"

அப்புறம்தான் நானே குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பங்குனியில் புதன் மீனத்தில் நின்றது கிட்டத்தட்ட இரண்டு கிழமை. அந்த நாட்களில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்குமா கணக்கு வராது? அதோடு, மீனத்துக்கு அதிபதி குரு. அவர் லக்கினத்துக்கு நாலாமிடத்தில், கேந்திரத்தில் இருந்து புதனைப் பார்க்கிறார். அது நீசத்தின் கெடுதலை நீக்கும் நீசபங்கம். சாத்திரியார் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்னொன்று: 11.45 என்பது தாதி மணிக்கூட்டைப் பார்த்து எழுதிய நேரம். அந்த மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடியிருந்தால் லக்கினம் இடபமாகிவிடும். அப்போது மீனம் பத்தாமிடமல்ல, பதினோராமிடம். உத்தியோகப் பலன் முழுக்க வேறாகிவிடும்.

ஆக, குறிப்பை வைத்து நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன்: கணக்கில் இவள் எங்கே இடறுகிறாள்? கொப்பியைப் புரட்டினால், கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் மட்டும்தான் பிழை. அதுவும் இடையில் பூச்சியம் வந்தால். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்து மூன்று கிழமை பழக்கினேன். "வராதாமே" என்பதை இப்போது சொல்வதில்லை.

'சங்கீதம்தான்' என்ற நல்ல பலனும் முத்திரைதான், அதையும் அக்கா கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு விமானம் ஓட்ட ஆசை. பலாலிக்கு இறங்கும் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடுகிறாள். என் கணவரோ, "எதுக்கும் சங்கீத வகுப்பை நிப்பாட்ட வேண்டாம்" என்கிறார். இன்னும் அந்தச் சாத்திரியாரை நம்புகிறார் போல. நானும் நிப்பாட்டவில்லை, அவள் நன்றாகவே பாடுகிறாள்.