உறை வேறு, எழுத்து வேறு

வணக்கம். நண்பர் ஒருவர் இரண்டு வீடியோ கோப்புகளோடு என்னிடம் வந்தார். ஒன்று, கணினித் திரையை OBS மென்பொருளில் பதிவுசெய்தது, பெயர் .mkv என்று முடிகிறது. மற்றது கைபேசியில் எடுத்த .mov. முதல் கோப்பை அவருடைய வீடியோ எடிட்டர் மென்பொருள் உள்ளேயே விடவில்லை. இரண்டாவதை ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒலி மட்டும்தான் கேட்டது, படம் வரவில்லை. விஎல்சி பிளேயரில் இரண்டும் நன்றாக ஓடின.

ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறை, உள்ளே தாளில் சுருக்கெழுத்து. .mkv, .mp4, .mov எல்லாம் உறைகள். இவற்றைத்தான் கன்டெய்னர் என்கிறோம். படம், ஒலி, வசனவரி ஆகியவற்றை நேரம் பிசகாமல் சேர்த்துவைப்பது மட்டுமே உறையின் வேலை. படத்தைச் சுருக்கி எழுதும் முறைதான் கோடெக். எச்.264 ஒரு சுருக்கெழுத்து, 2003-இல் வந்தது. 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, இன்னொன்று. ஒரே .mp4 உறைக்குள் இந்த இரண்டில் எதுவும் இருக்கலாம். கோப்பின் பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது என்பது அதனால்தான்.

உள்ளே பார்க்க, விஎல்சியில் படத்தை ஓடவிட்டு Tools பட்டியலில் Codec Information-ஐத் திறந்தோம். முதல் கோப்பில் எச்.264 இருந்தது. அந்த எழுத்தை எடிட்டர் நன்றாகவே படிக்கும்; .mkv உறையைப் பிரிக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. அப்படியானால் உறையை மாற்றினால் போதும். OBS-இன் File பட்டியலில் Remux Recordings என்று ஒரு வசதி உண்டு. அது படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து .mp4-க்குள் வைத்துவிடும். சில நொடி வேலை, தரம் துளியும் குறையாது. பலர் கோப்பின் பெயரில் .mkv-ஐ அழித்து .mp4 என்று எழுதிப் பார்ப்பார்கள். அது உறையின் மேல் முகவரியை மாற்றுவதுதான். உறை அதே உறை.

இரண்டாவது கோப்பில் எச்இவிசி இருந்தது. உறை பிரிந்தது, ஒலியின் எழுத்து புரிந்தது, படத்தின் எழுத்து புரியவில்லை. சுருக்கெழுத்தைப் படித்துக்காட்டும் டிகோடர்களை விஎல்சி தானே கொண்டுவருகிறது. பல எடிட்டர்கள் இயங்குதளத்தில் இருப்பதை நம்பியிருக்கின்றன. அங்கே எச்இவிசி டிகோடரை நிறுவினாலே சில நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் படத்தை முழுவதும் படித்து வேறு எழுத்தில் திரும்ப எழுத வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். அதை எச்.264-இல் எழுதினால் தரமும் கொஞ்சம் போகும். வட்டில் இடம் இருந்தால் டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் கோடெக்கைத்தான் நான் சொல்வேன். கோப்பு பல மடங்கு பெருக்கும், ஆனால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால் வெட்டி ஒட்டும்போது எடிட்டர் திணறாது.

நண்பருடையது ஐபோன். அடுத்த படப்பிடிப்புக்கு முன் கேமரா அமைப்பில் Formats பகுதிக்குப் போய் Most Compatible என்று மாற்றிக்கொண்டார். இனி அது வழக்கமான பதிவுகளை எச்.264-இல் எழுதும், கோப்பு மட்டும் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும்.