கோபுரம் எவ்வளவு தூரம் என்பதல்ல கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு அருகே கைபேசிக் கோபுரம் இருந்தால் உடல்நலத்துக்குக் கேடு உண்டா என்பதைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். மின்காந்த அலைகளின் வலிமையை அளந்து அறிக்கை தருவது என் தொழில். அளக்கப் போகும் இடங்களிலெல்லாம் மக்கள் முதலில் கேட்பது, "கோபுரத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருந்தால் பாதுகாப்பு?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. ஏன் கிடையாது என்பதையும், அதற்குப் பதிலாக எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாடி வீடு. அதற்கு 40 மீட்டர் தள்ளி, ஏறத்தாழ 30 மீட்டர் உயரக் கோபுரம். அதில் மூன்று நிறுவனங்களின் ஆண்டெனாக்கள் இருந்தன. வீட்டுக்காரர் கையடக்கமான அளவி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். திரையில் 12,000 என்று காட்டி, சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மாடிக்குப் போகத் தடை. நான் போனதும் அவர் அந்த அளவியை என் கையில் கொடுத்து, "ஐயா, பன்னிரண்டாயிரம் காட்டுகிறதே, இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்?" என்று கேட்டார்.

எதில் பன்னிரண்டாயிரம் என்பதுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது. திரையின் மூலையில், கடுகளவு எழுத்தில், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்று அலகு எழுதியிருந்தது. மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே 12,000 மைக்ரோவாட் என்பது 12 மில்லிவாட். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 0.012 வாட். பன்னாட்டு வரம்புகளோ பெரும்பாலும் வாட்டில் எழுதப்படுகின்றன. 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்கான வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 9 வாட். அவரைத் தூங்கவிடாமல் செய்த எண் அந்த வரம்பில் 750-இல் ஒரு பங்கு. அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது எனக்கு என்றுமே பொறுக்காது. இன்னும் சற்று நேரத்தில் மறுபடியும் இதைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு விட்டுவிட்டு வந்திருந்தால் அவருடைய கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கும். அவருடைய அளவி எல்லா அலைகளையும் ஒன்றாகக் கூட்டி, ஒரு நொடியின் உச்சத்தைப் பிடித்து வைத்துக் காட்டும் வகையைச் சேர்ந்தது. நாங்கள் கொண்டுபோகும் கருவி ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். எந்தத் திசையிலிருந்து அலை வந்தாலும் அதன் உணரி ஒரே மாதிரி வாங்கும். அரைமணி நேரம் வைத்துச் சராசரி எடுக்கலாம். அந்த மொட்டைமாடியில் கிடைத்த சராசரி இது: 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 மில்லிவாட், 1800-இல் 3 மில்லிவாட், 2300-இல் 2 மில்லிவாட். இவற்றை வெறுமனே கூட்டி ஏழு என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் ஒவ்வோர் அலைவரிசைக்கும் வரம்பு வேறு. 900-க்கு வரம்பு 4,500 மில்லிவாட், 1800-க்கு 9,000, 2300-க்கு 10,000. ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்து, பிறகு அந்தப் பின்னங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. இங்கே வந்த விடை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடுத்து, வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு கோபுரத்தின் அடிக்கே போனேன். அங்கே அரை மில்லிவாட் அளவுதான் காட்டியது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தெருவோடு நடந்து 200 மீட்டர் தாண்டியதும் அளவு 3 மில்லிவாட்டாக உயர்ந்தது. தள்ளிப் போகப் போகக் கூடுகிறதே என்று அவர் திகைத்தார். கலங்கரை விளக்கின் கீழே நிற்பவர் தலைமேல் வெளிச்சம் விழாமல் தொலைவில் போய் விழுவதைப் போலத்தான் இதுவும். கோபுரத்து ஆண்டெனா எல்லாத் திசையிலும் அலையை வாரி இறைப்பதில்லை. கிடையாக விரிந்து, செங்குத்தில் மிகக் குறுகிய ஒரு கற்றையாக, சில பாகை மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. அந்தக் கற்றை தரையைத் தொடுவது பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர் தாண்டித்தான். கோபுரத்தின் காலடியில் விழுவது பக்கவாட்டில் கசியும் சிறு பகுதி. இதனால்தான் எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு விடையில்லை என்றேன்.

அப்படியானால் கவலைப்பட வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. ஆண்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், சில மீட்டருக்குள் இருக்கும் இடம் அது. கணக்கை வாயால் சொல்லக்கூடிய அளவுக்கு எளிமையாக்குகிறேன். 20 வாட் ஆற்றலை ஓர் ஆண்டெனா ஒரே திசையில் குவித்து அனுப்பும்போது, கற்றையின் நடுவில் அது எல்லாத் திசையிலும் 1,000 வாட் அனுப்புவதற்கு ஈடாகிறது. அந்தக் கற்றையின் நடுவிலேயே 50 மீட்டரில் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 32 மில்லிவாட். 3 மீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 9 வாட். அதாவது வரம்பையே எட்டுகிறது. அவ்வளவு அருகில் இந்தச் சூத்திரம் துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், ஆண்டெனாவுக்கு முன்னால் ஏன் வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். கட்டட உச்சியில் ஆண்டெனா வைத்து, அதன் முகத்துக்கு நேராகப் பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடிச் சன்னல் அமைந்துவிட்டால், அந்தச் சன்னலில் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். ஆண்டெனா பொருத்திய கட்டடத்தின் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த அளவு வராது. கற்றை வெளிநோக்கிப் போகிறது, நடுவில் கான்கிரீட்டும் இருக்கிறது.

இனி வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1998-இல் வகுத்து 2020-இல் திருத்திய வழிகாட்டு நெறிகள்தாம் பல நாடுகளின் வரம்புகளுக்கு அடிப்படை. இந்த அலைகளுக்கு எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் ஆற்றல் இல்லை. உறுதியாக நிறுவப்பட்ட கேடு, உடல் சூடேறுவதுதான். உடல் முழுவதும் ஒரு கிலோ எடைக்கு 4 வாட் வீதம் உறிஞ்சினால் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் உயரக்கூடும். அதில் பத்தில் ஒரு பங்கை ஆண்டெனாவோடு வேலை செய்பவர்களுக்கும், ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது கிலோவுக்கு 0.08 வாட்டை, பொதுமக்களுக்கும் வரம்பாக வைத்தார்கள். உடல் உறிஞ்சுவதை நேரடியாக அளக்க முடியாததால், வெளியே அளக்கக்கூடிய அளவாக மாற்றி எழுதியதுதான் நாம் பார்த்த 9 வாட். ஆகவே வரம்பைத் தொட்ட நொடியில் நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. முன்னெச்சரிக்கையாக இதைவிடக் கடுமையான வரம்பை வைத்த நாடுகளும் உண்டு.

அந்த வீட்டுக்காரரும் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சூட்டைப் பற்றிச் சொன்னீர்கள், சரி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால்?" என்றார். நியாயமான கேள்வி. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்ற வகையில் சேர்த்தது உண்மை. ஆனால் அம்முடிவு பெரும்பாலும் கைபேசியைக் காதோடு வைத்து மிகுதியாகப் பேசியவர்களைப் பற்றிய, உறுதியாகச் சொல்லப் போதாத சான்றுகளை வைத்து எடுக்கப்பட்டது. கோபுரத்தருகே வாழ்ந்தவர்களை வைத்தல்ல. கோபுரத்தைப் பற்றியே பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்து 2010-இல் வெளியானது. புற்றுநோய் வந்த 1,397 சிறு குழந்தைகளின் தாய்மார்கள் கருவுற்றிருந்தபோது கோபுரத்துக்கு எவ்வளவு அருகில் வாழ்ந்தார்கள் என்பதை, நோயில்லாத குழந்தைகளின் தாய்மார்களோடு ஒப்பிட்டார்கள். தூரத்தை மட்டும் பார்க்காமல், அருகிலுள்ள கோபுரங்களின் ஆற்றலையும், வீட்டில் விழுந்திருக்கக்கூடிய அலையின் அளவையும் கணித்தார்கள் என்பதே எனக்கு அதில் பிடித்த பகுதி. தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆனால் அது குழந்தைப் பருவத் தொடக்க ஆண்டுகளைப் பற்றியது மட்டுமே; முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்களைப் பற்றி அது எதையும் சொல்லாது.

தலைவலி, தூக்கமின்மை பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், தங்களுக்குக் கோபுர அலை பட்டால் உடம்பு படுத்துகிறது என்று சொன்னவர்களை வைத்துச் சோதித்து 2007-இல் முடிவு வெளியிட்டார்கள். அலை வருகிறது என்று சொல்லிவிட்டு அனுப்பியபோது அவர்களுக்குத் தொல்லை கூடியது. வருகிறதா இல்லையா என்று சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்தியபோது, அலைக்கும் தொல்லைக்கும் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் பட்ட துன்பம் பொய்யல்ல; அதன் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள்.

வீட்டுக்குள் அளந்ததையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் அளந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் சட்டைப்பையிலிருந்த கைபேசி ஒலித்தது. அவருடைய அளவி மொட்டைமாடியில் காட்டியதைவிடப் பல மடங்கு தாவியது. 0.2 வாட்டில் அனுப்பும் கைபேசி அரை மீட்டரில் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 64 மில்லிவாட் வரும். கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி தன் ஆற்றலை இன்னும் கூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் கைபேசியோடு எடுத்த அளவு கோபுரத்தின் அளவாகாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். 5ஜி பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 5ஜி ஆண்டெனாக்கள் பல, பயன்படுத்துபவர் இருக்கும் பக்கம் கற்றையைத் திருப்புகின்றன. அதனால் ஒரே இடத்தில் அளவு நொடிக்கு நொடி மாறும். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அளந்தால் குறைவாகவும், ஒருவர் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது உச்சத்தை மட்டும் பிடித்தால் மிகையாகவும் தெரியும். ஆகவே உங்கள் வீட்டுக்கு யாராவது அளவு அறிக்கை தந்தால், அதில் அலகு என்ன, எந்தெந்த அலைவரிசை, எத்தனை நிமிடச் சராசரி, 5ஜி அலைவரிசையை அளக்கும்போது பயன்பாடு நடந்துகொண்டிருந்ததா என்ற விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.