தேர்வு எழுதிவிட்டு வந்த மத்தியானம் எவ்வளவு தூங்கலாம்?

மாணவர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

நான் பிளஸ் டூ எழுதிய வருடம் நடந்தது இது. வேதியியல் தேர்வு எழுதிவிட்டு வந்து, சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்து, மூன்று மணிக்குப் பாயை விரித்தேன். கண் விழித்தபோது வெளியே மங்கலான வெளிச்சம். விடிந்துவிட்டது என்று நினைத்து பிரஷ்ஷோடு கொல்லைக்குப் போய்விட்டேன். விளக்கேற்றிக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: "ஏன்டா, வெளக்கு வெக்கிற நேரத்துல பல்லு வெளக்குற?" மணி ஆறேகால். அன்றிரவு இரண்டு மணி வரை புரண்டேன். மறுநாள் முழுக்க மண்டை கனம். படித்தது எதுவும் ஏறவில்லை.

தப்பு தூங்கியதில் இல்லை. தூங்கிய நேரத்திலும் அளவிலும் இருந்தது.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்கிறோம். ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஒரு தொய்வு வரும். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் போக்கு அது. வயிறு நிறையச் சோறு விழுந்தால் அது கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த நேரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே வரியை நான்கு முறை படிப்பதைவிடக் கொஞ்சம் கண்ணயர்வது புத்திசாலித்தனம்.

நீண்ட பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது? கண் விழித்ததிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். தூங்கினால் குறையும். பசி மாதிரிதான். ஆறு மணிக்கு நான்கு பஜ்ஜியை உள்ளே தள்ளினால் ராத்திரி இட்லி இறங்குமா? மூன்று மணி நேரப் பகல் தூக்கம் அந்த பஜ்ஜிதான்.

அளவுக்கு வருவோம். தூங்கத் தொடங்கிய முதல் இருபது நிமிடம் பெரும்பாலும் லேசான தூக்கம். அதிலிருந்து எழுந்தால் தெளிவாக இருக்கும். ஏறக்குறைய அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம். அங்கிருந்து எழுப்பினால், எங்கே இருக்கிறோம் என்றே புரியாத அந்த மந்தம் அரை மணிக்கு மேல்கூட நீடிக்கும். நீண்ட தூரம் பறக்கும் விமானிகளுக்கு நாசா ஆய்வாளர்கள் நாற்பது நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். விமானிகள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். அதற்கே அவர்களுடைய விழிப்பு நன்றாகக் கூடியிருந்தது.

இப்போது உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்தரைக்கு எழுகிறீர்கள். தேர்வு ஒன்றேகாலுக்கு முடிகிறது. வீடு சேர இரண்டு. வினாத்தாளை வைத்துக்கொண்டு மார்க் கூட்டுகிற வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்; அது கிடைக்கிற தூக்கத்தையும் விரட்டிவிடும். இரண்டரைக்குள் அளவாகச் சாப்பிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, 2.40க்குச் சாய்ந்துவிடுங்கள். கண் அசர ஐந்து நிமிடம், தூங்க இருபது; 3.05க்கு அலாரம். கட்டிலைவிட சாய்வு நாற்காலி நல்லது, அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் அதில் சுலபமாக வராது. எழுந்ததும் முகம் கழுவி, வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். அடுத்த பாடத்தை மூன்றரைக்கு எடுத்தால் போதும். இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது தூக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

வீடு வந்து சேரவே நான்காகிவிட்டதா? அன்றைக்குத் தூக்கம் வேண்டாம். முகம் கழுவி நடந்துவிட்டு, இரவு அரை மணி முன்னதாகப் படுத்துவிடுங்கள்.

படுப்பதற்குச் சற்று முன் காபி குடித்தால், எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் குடித்த காபியில் பாதியளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கக்கூடும். எனக்கு அதில் அரை மனசுதான்.

தலை சாய்த்த இரண்டாம் நிமிடமே தூங்கிப்போகிறீர்களா? முந்தைய இரவுக்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஆழ்ந்த தூக்கமும் சீக்கிரம் வந்துவிடும். அலாரத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறையுங்கள். நான்கு மணி நேர இரவுத் தூக்கத்தை இந்தக் குட்டித் தூக்கம் ஈடுகட்டாது. இரவில் படுத்து அரை மணிக்கு மேல் விழித்துக் கிடந்தால், பகல் தூக்கத்தை இன்னும் சுருக்குங்கள், அல்லது நிறுத்திப் பாருங்கள். மத்தியானம் தூக்கமே வரவில்லையா, கண்ணை மூடிச் சும்மா இருங்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கடைசியாக அம்மாக்களுக்கு. "மூணு அஞ்சுக்கு எழுப்பும்மா" என்று பிள்ளை சொல்லிவிட்டுப் படுக்கும். நீங்கள் வந்து பார்ப்பீர்கள். பாவம், அசந்து தூங்குது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போவீர்கள். என் அம்மா அன்றைக்குச் செய்தது அதைத்தான்.