ஒரே பக்கத்தில் மூன்று ‘மாறுபாடு’: தமிழ் ஆய்வேட்டில் புள்ளியியல் சொற்கள்

[திரையில் மூன்று வாக்கியங்கள்]

இந்த மூன்று வாக்கியங்களையும் படியுங்கள். “முட்டம் இளைஞர்களின் மாறுபாடு 10. குளச்சல் இளைஞர்களோடு ஒப்பிட மாறுபாடு 3. தலைமுறை மாறுபாடு தெளிவாகத் தெரிகிறது.” தமிழில் குறையே இல்லை. ஆனால் மூன்று மாறுபாடும் மூன்று வெவ்வேறு பொருள். ஆய்வேட்டின் ஆங்கிலச் சுருக்கம் எழுதும் நாளில் இந்த ஒரு சொல் முழு முடிவையும் புரட்டிப்போடும். எப்படி என்று பார்ப்போம்.

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழிலேயே ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கான வீடியோ இது. ஆய்வேடு தமிழில், சுருக்கம் ஆங்கிலத்தில் என்னும் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக எடுத்துக்காட்டுக்குப் போகலாம்.

ஒரு மாணவி கடல் வழக்குச் சொற்களை ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான், சோழகம், கொண்டல், கரமடி என்று 20 சொற்களைக் கேட்டு, எத்தனைக்குப் பொருள் தெரிகிறது என்று எண்ணுகிறார். கணக்கு எளிதாக இருக்க முட்டத்தில் ஐந்து பேர் போதும். அவர்களுக்குத் தெரிந்த சொற்கள் 10, 12, 14, 16, 18. கூட்டுச்சராசரி 14. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகும் தூரம் −4, −2, 0, 2, 4. அவற்றின் வர்க்கங்கள் 16, 4, 0, 4, 16. கூட்டினால் 40.

[திரையில்: 40 ÷ 4 = 10, √10 = 3.16]

40-ஐ நான்கால் வகுத்தால் 10. ஆங்கிலத்தில் இது வேரியன்ஸ். அதன் வர்க்கமூலம் 3.16, அதுதான் திட்டவிலக்கம். குளச்சலில் சராசரி 11 என்றால் இரண்டு ஊர்ச் சராசரிகளுக்கும் இடைவெளி 3. அது வெறும் வேறுபாடு, டிஃபரன்ஸ். மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் சொல்வழக்கு மாறுவது வேரியேஷன். மொழியியல்காரர்கள் அதைத்தான் காலங்காலமாக ‘வட்டார மாறுபாடு’, ‘மொழி மாறுபாடு’ என்று எழுதுகிறார்கள்.

இப்போது ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் சுருக்கத்தை மொழிபெயர்க்கிறார். புள்ளியியல் அவருக்குப் பழக்கமில்லை. முதல் மாறுபாட்டுக்கு வேரியன்ஸ் என்று போட்டவர், இரண்டாவதற்கும் அதையே போடுகிறார். சுருக்கத்தில் ‘வேரியன்ஸ் 3’ என்று நிற்கிறது. வெளிமாநிலத் தேர்வாளர் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படித்தால், திட்டவிலக்கம் 1.73 என்று மனக்கணக்குப் போடுவார். குளச்சல் இளைஞர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு சொல்லறிவோடு இருக்கிறார்கள் என்று முடிவு செய்வார். உண்மையில் அந்த 3 இரண்டு ஊர்ச் சராசரிகளுக்கும் உள்ள இடைவெளி. ஆய்வு சொல்லவே சொல்லாத முடிவு!

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி அலகைக் கேட்பது. வேறுபாடு 3 என்றால் மூன்று சொற்கள். திட்டவிலக்கம் 3.16 என்றாலும் அலகு சொற்கள்தான். வேரியன்ஸ் 10 என்றால் அலகு ‘சொற்களின் வர்க்கம்’. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுத முடியாமல் தடுமாறினால், அந்த இடத்துச் சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

சரி, வேரியன்ஸுக்கு எந்தச் சொல்? நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். விலக்கம் எடு, வர்க்கம் ஆக்கு, சராசரி பார் என்று செய்முறையையே பெயர் சொல்லிவிடுகிறது. இன்னொரு சொல் ‘பரவற்படி’. இணையத்தில் தேடினால் இலங்கைப் பாடநூல் சொல்லான ‘மாறற்றிறன்’ வரும். மூன்றுமே சரியான சொற்கள்தான், மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் கலப்பதுதான் பிழை.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்றால், அந்தச் சொல்லிலிருந்து எத்தனை சொற்கள் பிறக்க வேண்டும் என்று பார்ப்பேன். ஆய்வேட்டில் வேரியன்ஸ் நான்கைந்து இடத்தில் மட்டும் வந்தால் பாடநூல் சொல்லே போதும், தேர்வாளருக்கும் பள்ளியிலிருந்தே பழக்கம். அனோவா, கோவேரியன்ஸ் எல்லாம் வருமானால் ‘பரவற்படிப் பகுப்பாய்வு’, ‘இணைப் பரவற்படி’ என்று சுருக்கமாக வளரும் சொல் நல்லது. ஆனால் இயல்நிலைப் பரவல் என்பதில் உள்ள ‘பரவல்’ டிஸ்ட்ரிபியூஷன். ஆகவே டிஸ்பெர்ஷனுக்குப் பரவல் என்று எழுதாமல் ‘சிதறல்’ என்றே வையுங்கள்.

இலங்கைச் சொற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே ‘இடை’ என்றால் சராசரி, ‘இடையம்’ என்றால் மீடியன். நம் புத்தகத்தில் மீடியன் ‘இடைநிலை அளவு’. இரண்டு ஊர் நூலையும் பார்த்து எழுதியவரின் அட்டவணையில் சராசரியும் மீடியனும் இடம் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. மேலே 40-ஐ ஏன் நான்கால் வகுத்தோம்? ஐந்து பேர் ஆயிற்றே! பத்தாம் வகுப்பில் ஐந்தால்தான் வகுத்தோம், அப்படிச் செய்தால் 8 வரும். ஐந்து பேரை வைத்து முட்டத்து இளைஞர் எல்லோரையும் மதிப்பிடும்போது ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும். எக்செலில் முன்னது `VAR.P`, பின்னது `VAR.S`. ‘திட்டவிலக்கம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், சொல்லை முதலில் விளக்கும் இடத்திலேயே எதனால் வகுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பள்ளிப் புத்தக விளக்கத்தை எழுதிவிட்டு மென்பொருள் எண்ணை ஒட்டினால், கையால் கணக்கிட்டுப் பார்க்கும் தேர்வாளர், 8-இன் வர்க்கமூலமான 2.83 எங்கே என்று கேட்பார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தேடும் வேலை. ஆய்வேடு பாதி எழுதியான பிறகு சொல்லை மாற்ற முடிவு செய்கிறீர்கள். வேர்டில் ‘மாறுபாடு’ என்று கொடுத்து ‘பரவற்படி’ என்று மொத்தமாக மாற்றாதீர்கள்! முதலாவது, தமிழ்ச் சொல் உருபு ஏற்கும்போது உருமாறும். மாறுபாட்டின், மாறுபாட்டை, மாறுபாட்டால் எதுவும் அந்தத் தேடலில் சிக்காது. இரண்டாவது, ‘வட்டார மாறுபாடு’ ‘வட்டார பரவற்படி’ ஆகிவிடும். வழக்குச் சொல் ஆய்வேட்டில் இதைவிடப் பெரிய சேதம் இல்லை.

உருபு ஏற்றாலும் மாறாத முன்பகுதியை மட்டும் தேடுங்கள். `மாறுபா` என்று கொடுத்தால் மாறுபாடும் வரும், மாறுபாட்டின் என்பதும் வரும். `திட்டவிலக்க` என்று கொடுத்தால் திட்டவிலக்கம், திட்டவிலக்கத்தின் இரண்டும் வரும். நடுவில் இடைவெளி விட்டு ‘திட்ட விலக்கம்’ என்று அடித்தவை சிக்காது, அதற்குத் தனியாக இன்னொரு தேடல். ஒவ்வொன்றாக நின்று, இது வேரியன்ஸா, வேறுபாடா, மொழி மாறுபாடா என்று கேட்டுக் கையால் மாற்றுங்கள். ஒரு மாலை ஆகும். அந்த மாலையைச் செலவழிப்பவரின் ஆய்வேடு படிக்கும்போதே தெரியும்.

[திரையில் மூன்று பத்தி அட்டவணை]

இதற்குத் துணையாக ஓர் அட்டவணை. தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், குறியீடு. s² என்ற வரியில் பரவற்படி, s என்ற வரியில் திட்டவிலக்கம். வேறுபாட்டுக்கும் ஒரு வரி, மொழி மாறுபாட்டுக்கும் ஒரு வரி. ஆங்கிலச் சுருக்கம் எழுதுகிறவர் நண்பரானாலும் அண்ணனானாலும், ஆய்வேட்டோடு இதையும் கையில் கொடுங்கள். சுருக்கத்தில் எண் வரும் இடத்திலெல்லாம் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு வழுக்கினாலும் s² வழுக்காது.

‘மாதிரி’ என்ற சொல்லும் இதே சிக்கல்தான். சாம்பிளுக்கும் மாதிரி, மாடலுக்கும் மாதிரி. சாம்பிளுக்குக் ‘கூறு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. உங்கள் ஆய்வேட்டில் எதை எதற்கு வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றையே எடுத்துப் பேசுகிறேன்.