மூன்றாம் சாமத்தைக் கடப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் மகா சிவராத்திரியன்று முதன்முறையாகக் கண்விழிக்க விரும்புவோர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது பட்டினியைப் பற்றித்தான். ஆனால் விரதம் தளர்வது பசியால் அல்ல. மூன்றாம் சாமத்து உறக்கத்தால். ஆகவே அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரவின் 30 நாழிகையை நான்காகப் பிரித்தால் ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதற் சாமத்திலும் ஒன்பது மணிக்குத் தொடங்கும் இரண்டாம் சாமத்திலும் கோயிலில் கூட்டமும் வெளிச்சமும் இருக்கும். பல கோயில்களில் முதற் காலத்தில் பஞ்சகவ்யம், இரண்டாம் காலத்தில் பஞ்சாமிர்தம், மூன்றாம் காலத்தில் தேன், நான்காம் காலத்தில் கரும்புச்சாறு என அபிஷேகம் நடைபெறும். கோயிலுக்குக் கோயில் இது மாறுவதும் உண்டு. நள்ளிரவை ஒட்டிய நேரம் லிங்கோற்பவ காலம். கருவறையின் பின்சுவரில், மேற்குக் கோட்டத்தில் நிற்கும் லிங்கோற்பவருக்கு அப்போது வழிபாடு நடக்கும். அதுவரை யாருக்கும் தூக்கம் வருவதில்லை. தீபாராதனை முடிந்து, ஒரு மணி அளவில் குடும்பங்கள் வீடு திரும்பிய பின்புதான் சோதனை தொடங்குகிறது. உடலின் வெப்பம் பின்னிரவில்தான் மிகவும் தாழ்கிறது. அதனுடன் உறக்கத்தின் இழுப்பும் கூடுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் கோயிலில் முதன்முறை விரதமிருந்த ஓர் இளைஞரை அருகிலிருந்து பார்த்தேன். முந்தைய இரவு நெடுநேரம் விழித்திருந்துவிட்டு, பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாமல் அலுவலகம் சென்று, மாலையில் நேராகக் கோயிலுக்கு வந்திருந்தார். லிங்கோற்பவ தரிசனம் முடிந்ததும் மண்டபத் தூணில் சாய்ந்து உருத்திராக்க மாலையை உருட்டத் தொடங்கினார். சிறிது நேரத்தில் உதடுகள் அஞ்செழுத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்க, விரல்கள் ஒரே மணியில் நின்றுவிட்டன. உறக்கம் வந்துவிட்டது என்பதற்கு இதுவே முதல் அடையாளம். கண் மூடுவதற்கு முன்பே கை நின்றுவிடும். அந்தக் கணத்தில் எழுந்து நின்றால் தப்பலாம்; அவர் எழவில்லை. நான்காம் காலத்து மணியோசையில்தான் விழித்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கும் மிகவும் வருத்தமாக இருந்தது. ஏனெனில் அவர் பக்தியில் குறையேதும் இல்லை. குறை முழுவதும் முந்தைய நாளில் இருந்தது.

விரத விதிப்படி, முதல் நாளான திரயோதசியில் ஒருபொழுது மட்டும் உண்ண வேண்டும். அன்றிரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட வேண்டும் என்பதை நான் இதனோடு சேர்த்தே சொல்வேன். சதுர்த்தசிப் பகலில் உறங்குதல் கூடாது என்பதால், முன்கூட்டியே சேர்த்துவைக்கக்கூடிய உறக்கம் அந்த ஓர் இரவில்தான் கிடைக்கும். நீரும் அருந்தாத உபவாசம் பழகியவர்களுக்கே உரியது. புதியவர்கள் தண்ணீர், பால், பழம் கொள்ளலாம். அதுவும் இயலாதவர்கள் ஒருவேளை எளிய உணவு உண்டு விழித்திருக்கலாம். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், நாள்தோறும் மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி இருத்தல் கூடாது. விழித்திருக்கையில் கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை அரும்பினால், அதைத் தவம் என்று எண்ணிப் பொறுத்திருக்காமல் உடனே சர்க்கரை கலந்த நீரைக் குடிக்க வேண்டும்.

சாமம் மூன்றில் அமர்ந்தபடி மௌனமாகச் செபிப்பது புதியவர்களுக்கு ஒத்துவராது. வாய்விட்டு ஓத வேண்டும். கால் நடக்க வேண்டும். குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டத்தில் முன்சிறை தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியும் நடந்தும் தரிசிக்கும் அடியவர்களைப் பாருங்கள். அவர்கள் தூக்கத்தோடு போராடுவதே இல்லை, அவர்களின் கால்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நாம் பிராகாரத்தை வலம்வரலாம். சிவபுராணத்தின் 95 அடிகளை ஒருமுறை நின்று ஓதி, ஒருமுறை வலம்வந்து, முகம் கழுவி, மீண்டும் ஓதினால் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். தூணருகே மட்டும் அமராதீர்கள். அபிஷேகக் குடம் எடுத்துக் கொடுப்பது, வில்வம் ஆய்வது போன்ற ஒரு பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னும் எளிது.

முதல் ஆண்டில் லிங்கோற்பவ காலம் வரை மட்டும் விழித்திருந்து வீடு திரும்புவதே பலருக்கு ஏற்றது. நான்கு சாமமும் முடித்தவர்கள் விடிந்ததும் நீராடி, வழிபட்டு, இயன்றால் ஓர் அடியவருக்கு உணவளித்து, பின்னர் பாரணை செய்யலாம். வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கஞ்சியோ குழைந்த சோறோ போதும். மறுநாள் பகலிலும் உறங்கலாகாது என்பது மரபு. ஆயினும் அன்று காலை வண்டி ஓட்ட வேண்டியவர்கள் முதலில் உறங்கிவிட்டுப் புறப்படுங்கள்; இயலாதபோது பேருந்தில் செல்லுங்கள். கோயில் வாசலில் நிறுத்திய இருசக்கர வாகனத்தை மாலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.