முளைப்பயறு: கழுவினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். முளைகட்டிய பச்சைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதே சத்து என்று பலரும் நம்புகிறோம். அதை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் விதையிலேயே இருக்கிறது. வயலிலோ கிடங்கிலோ சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் பயறில் ஒட்டலாம். தோலில் உள்ள நுண்ணிய வெடிப்புக்குள் புகுந்துவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் அவை பெருகவும் தேவை. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கும் மேல் இறந்தார்கள். விதையோடு வந்த கிருமி அது.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? 100 கிராம் பயறு எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாகக் கழுவி, மூன்று பங்கு குடிநீரில் இரவு ஒன்பது மணிக்கு ஊறவையுங்கள். காலை ஏழு மணிக்குள் பயறு உப்பியிருக்கும். ஊறாமல் கல் போலக் கிடப்பவை முளைக்காது, எடுத்துவிடுங்கள். பிறகு தண்ணீரைச் சொட்டச் சொட்ட வடித்து, காற்றுப் புகும்படி மெல்லிய துணியால் மூடி வையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இந்த வடிப்புதான். அடியில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பயறு முளைக்காமல் அழுகும். மதியமும் இரவும் ஒருமுறை அலசி, மறுபடி முழுதாக வடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் ஒரு சென்டிமீட்டர் அளவு முளை வந்திருந்தால் போதும். குளிர்காலத்தில் இன்னும் அரை நாள் ஆகலாம்.

வேரில் வெள்ளையாக மெல்லிய இழைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை வேர்த்தூவிகள், அலசினால் படிந்துவிடும். பல பயறுகளைச் சேர்த்துச் சிலந்திவலை மாதிரி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. புளித்த வாடையோ வழவழப்போ இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு கொதிநீரிலும் அழியாது. இன்னொன்று, கிருமி இருந்தும் வாடையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். அதனால்தான் நன்றாக முளைத்த பயறையும் வேகவைக்கச் சொல்கிறேன்.

கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அது மறுபடி கொதித்த பின் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். ஆவியில் என்றால் பரப்பி வைத்து, இடையில் ஒருமுறை கிளறி, நடுவில் இருப்பதும் ஆவி பறக்கச் சூடாகும்வரை விடுங்கள். வெந்நீரை ஊற்றி எடுப்பது போதாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம்.

முளை வந்ததும் உடனே சமைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். சமைத்ததில் மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். அப்புறம் எடுக்கும்போது ஆவி வரும்வரை சூடாக்கிச் சாப்பிடுங்கள். வணக்கம்.